ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், ஹெல்மெட் வேறு சொல்லும்

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஸ்டிக்கரை அரசாங்கமே அச்சடித்து ஹெல்மெட் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. இந்திய தர நிர்ணய அமைவனம் கொடுப்பது உரிமம் மட்டும்தான். உரிமம் வாங்கிய தயாரிப்பாளர் தன் தொழிற்சாலையில் தானே முத்திரையை அச்சிட்டு ஒட்டிக்கொள்கிறார். அதனால் அசல் ஸ்டிக்கருக்கென்று தனிக் காகிதமோ, மறைந்திருக்கும் நீர்க்குறியோ கிடையாது. ஸ்டிக்கர் அடிக்கும் எந்த அச்சகத்திலும் ஒரு பிற்பகலில் ஆயிரக்கணக்கில் அடித்துவிடலாம். அடிக்கவும் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வியாபாரம் எப்படிச் சூடு பிடிக்கும் என்பதை 2015-இல் கண்கூடாகப் பார்த்தோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் கடைகளில் சரக்கு தீர்ந்தது, விலை ஏறியது, சாலையோரங்களில் புதிது புதிதாக ஹெல்மெட் குவியல்கள் முளைத்தன. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த முத்திரையை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் தெரியவில்லை. இன்று சட்டம் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. மத்திய அரசு 2020-இல் பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதுமே குற்றம்.  ஆனால் சந்தையில் இருக்கும் முத்திரைகளில் பல போலி.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான போலிகளைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. செல்போனில் எடுத்த மூன்று படங்கள் போதும்: பின்புற ஓடு, தாடைப்பட்டை, உள்ளே தைத்திருக்கும் லேபிள். கடையில் நின்றபடியே எடுக்கலாம். ஆன்லைனில் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஹெல்மெட்டை இன்று இரவே எடுத்துப் பார்க்கலாம்.

முதல் படம்: ஓடும் முத்திரையும்

ஓட்டின் பின்புறம் பெரும்பாலும் கழுத்துக்கு மேலே முத்திரை இருக்கும். அதில் மூன்று பகுதிகளைத் தேடுங்கள். நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னம். அதற்கு மேலே IS 4151 என்ற எண். கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். பழைய உரிமங்களுக்கு ஏழு இலக்கமும் புதியவற்றுக்குப் பத்து இலக்கமும் இருக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது முத்திரையே இல்லை. சின்னம் மட்டும் பளபளவென்று இருந்து கீழே எண் இல்லாவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மேலே இருக்கும் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. 4151 என்பது இரு சக்கர வாகன ஓட்டிகளின் ஹெல்மெட்டுக்கான தரநிலை. இப்போது நடப்பில் இருப்பது 2015-இல் திருத்தப்பட்ட வடிவம். 2925 என்பதும் இந்தியத் தரநிலைதான். ஆனால் அது தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் போடும் தொப்பிக்கானது. மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்குவதற்காகச் செய்த பொருள் அது. வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, நெற்றியோ பின்மண்டையோ தார்ச்சாலையில் மோதும்போது அது காப்பாற்றாது. போலீஸுக்காக அதைப் போட்டுக்கொண்டு போகிறவர்களைத் தினமும் சாலையில் பார்க்கிறோம்.

அடுத்தது முக்கியமான வேலை. அமைவனத்தின் BIS Care செயலியைத் திறந்து `Verify Licence Details` என்ற இடத்தில் உரிம எண்ணைத் தட்டுங்கள். அந்த உரிமம் யாருடையது, தொழிற்சாலை எங்கே, எந்தப் பிராண்டு பெயர்களுக்கு அனுமதி, உரிமம் உயிரோடு இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணைத் தட்டினார்கள், ஏதோ விவரம் வந்தது, “சரி, அசல்தான்” என்று மூடிவிட்டார்கள். போலி அடிப்பவர் எண்ணைக் கற்பனையில் எழுதுவதில்லை. நல்ல கம்பெனியின் ஹெல்மெட் ஒன்றை வாங்கி, அதிலிருக்கும் எண்ணை அப்படியே பார்த்து எழுதுகிறார். அந்த எண்ணைத் தேடினால் நல்ல கம்பெனியின் விவரம் வரத்தான் செய்யும்.

ஆகவே எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. செயலி காட்டும் கம்பெனி, ஓட்டின் மேல் எழுதியிருக்கும் பிராண்டு, உள் லேபிளில் இருக்கும் தயாரிப்பாளர் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். போலிகள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது படம்: தாடைப்பட்டை

முத்திரையை நகலெடுப்பது மலிவு. பட்டையைச் சரியாகப் பொருத்துவதற்குப் பணம் செலவாகும். போலி தயாரிப்பவர் காசு மிச்சம் பிடிக்கும் முதல் இடம் அதுதான் என்பதால், படத்தில் உண்மை பேசும் இடமும் அதுவே.

பட்டையைத் தொங்கவிட்டு எடுத்தால் பயனில்லை. அது எங்கே போய் முடிகிறது என்று தெரிய வேண்டும். காதுப் பக்கத்து மெத்தையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பட்டை ஓட்டோடு சேரும் இடத்தை எடுங்கள். ஒழுங்கான ஹெல்மெட்டில் பட்டையின் நுனி ஒரு உலோகத் தகட்டில் கோத்திருக்கும். அந்தத் தகடு ரிவெட்டால் ஓட்டோடு இறுக்கப்பட்டிருக்கும். ரிவெட்டின் தலையை வெளிப்பக்கத்திலும் பல ஹெல்மெட்டுகளில் பார்க்கலாம். மட்டமான சரக்கில் பட்டை ஓட்டைத் தொடவே தொடாது. மெத்தைத் துணியோடு இரண்டு வரிசை நூலால் தைத்து விட்டிருப்பார்கள். மாட்டிக்கொண்டால் இறுக்கமாகத்தான் இருக்கும். விழும்போது ஓடு தனியாக, மெத்தை தனியாகப் பிய்த்துக்கொண்டு போகும். சாலையில் முதல் அடிக்கே ஹெல்மெட் கழன்று உருண்டுவிட்டால், இரண்டாவது அடி வெறுந்தலையில் விழுகிறது.

பட்டையின் அகலத்தையும் பாருங்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நெருக்கமாக நெய்த பட்டையாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் படத்தில் அளவு தெரிந்துவிடும். பட்டை அந்த நாணயத்தைவிடத் தெளிவாக ஒடுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசியாக பக்கிள். பள்ளிக்கூடப் பையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கொக்கியே இதிலும் இருந்தால், ஓடும் முத்திரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஹெல்மெட் வேண்டாம். தரப் பரிசோதனையில் தாடைப்பட்டையில் எடையை விழவிட்டு, பட்டை எவ்வளவு நீள்கிறது, பக்கிள் விட்டுக்கொடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். பைக் கொக்கியும் துணித் தையலும் அந்த இழுப்புக்குத் தாங்காது.

மூன்றாவது படம்: உள் லேபிள்

உள்ளே, பெரும்பாலும் உச்சிப் பகுதியில், தைத்தோ ஒட்டியோ ஒரு லேபிள் இருக்கும். தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதமும் ஆண்டும், அளவு ஆகியவை அதில் வேண்டும். நம் ஊர் ஹெல்மெட்டுகளில் அளவை மில்லிமீட்டரில் போடுவது வழக்கம்: 560, 580, 600 என்று. தலையின் சுற்றளவு அது. வெறும் ‘எல்’, ‘எக்ஸ்எல்’ என்ற எழுத்து மட்டும் இருந்து, யார் செய்தது, எப்போது செய்தது என்று ஒரு வார்த்தையும் இல்லாவிட்டால், செய்தவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள விருப்பமில்லை என்று அர்த்தம்.

தயாரித்த மாதம் ஏன் முக்கியம்? ஒரு காலத்தில் முறையாக உரிமம் வைத்திருந்த கம்பெனியே, அது காலாவதியான பிறகும் அல்லது ரத்தான பிறகும் அதே எண்ணை அச்சடித்துக்கொண்டிருக்கலாம். இது கற்பனை இல்லை. 2024-25 நிதியாண்டில் நடந்த சோதனைகளைப் பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விவரத்தில் டெல்லியில் நடந்த ஒரு நடவடிக்கை இடம்பெற்றிருந்தது. உரிமம் காலாவதியான அல்லது ரத்தான ஒன்பது தயாரிப்பாளர்களிடமிருந்து 2,500-க்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டன. இப்படிப்பட்ட ஹெல்மெட்டில் எண், பிராண்டு, தயாரிப்பாளர் பெயர் மூன்றும் அழகாகப் பொருந்தும். செயலி காட்டும் உரிமத் தேதியையும் லேபிளில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். உரிமம் உயிரோடு இருந்தபோது செய்து, பிறகு உரிமம் முடிந்திருந்தால் தவறில்லை. உரிமம் முடிந்த பிறகு செய்ததென்றால் அந்த முத்திரை போலி முத்திரைக்குச் சமம்.

லேபிளைப் படம் எடுக்கும் சாக்கில் உள் மெத்தையையும் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். மெத்தைக்கும் ஓட்டுக்கும் நடுவே, ஓட்டின் வளைவுக்கேற்ப ஒரே வார்ப்பாகச் செய்த கெட்டியான தெர்மாகோல் இருக்க வேண்டும். வெள்ளையாகவும் இருக்கலாம், கறுப்பாகவும் இருக்கலாம். நல்ல ஹெல்மெட்டுகளில் அது ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன் இருக்கும். போலியில் இரண்டு வகையைப் பார்க்கலாம்: டிவி பெட்டியில் வரும் தெர்மாகோலைப் பட்டை பட்டையாக வெட்டிச் சொருகியிருப்பார்கள், அல்லது தெர்மாகோலே இல்லாமல் ஸ்பாஞ்சுத் துண்டை ஒட்டியிருப்பார்கள்.

இந்த ஓர் அங்குலத்தில்தான் உயிர் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்தே சாய்ந்து விழுந்தாலும் தலை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்ததுதான் மூளைக்கு வரும் சேதம். கணக்கு எளிது: விழுந்த உயரத்தை நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், தலை தன் எடையைப் போல எத்தனை மடங்கு விசையைச் சராசரியாக வாங்குகிறது என்பது வரும். தெர்மாகோல் நசுங்கி 20 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் 1,500-ஐ 20-ஆல் வகுக்க 75 மடங்கு. ஸ்பாஞ்சு சட்டென்று அமுங்கி 3 மில்லிமீட்டர்தான் கொடுத்தது என்றால் 500 மடங்கு. ஓடு உடையாமல் முழுசாகவே இருக்கலாம். உள்ளே இருந்த தலைக்கு அது எந்த வித்தியாசத்தையும் செய்திருக்காது.

350 ரூபாய் ஹெல்மெட் ஒன்று

தெரிந்தவர் ஒருவர், கல்லூரிக்குப் போகும் தன் மகனின் ஹெல்மெட்டைப் படம் எடுத்து அனுப்பினார். புறவழிச் சாலை ஓரத்தில் 350 ரூபாய்க்கு வாங்கியது, ரசீது கிடையாது. “ஐ.எஸ்.ஐ. போட்டிருக்கு சார், நம்பர்கூட இருக்கு, நல்லதுதானே?” என்று கேட்டிருந்தார்.

முதல் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்னம், மேலே 4151, கீழே பத்து இலக்க எண். அச்சும் தெளிவு. எண்ணைச் செயலியில் போட்டதும் நடப்பில் இருக்கும் ஓர் உரிமம் வந்தது. கம்பெனி வட மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் பிராண்டுப் பட்டியலில், இந்த ஹெல்மெட்டின் நெற்றியில் எழுதியிருந்த பெயர் இல்லை. பிரபலமான ஒரு பிராண்டின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிய பெயர் அது. எண் ஒருவருடையது, பெயர் பாதி இன்னொருவருடையது.

இந்த ஒரு பொருத்தமின்மையே போதும் என்றாலும், மெத்தையை இழுத்துப் பிடித்துப் பட்டையை எடுத்து அனுப்பச் சொன்னேன். பட்டை துணியில் முடிந்திருந்தது. ஓட்டின் பக்கவாட்டில் ரிவெட் தலை போலத் தெரிந்தது கண்ணாடி மூடியைப் பிடித்திருக்கும் திருகு மட்டுமே. உள் லேபிளில் ‘எல்’ என்ற எழுத்தும், இன்னொரு தடவை ஐ.எஸ்.ஐ. சின்னமும் இருந்தன. பெயரும் இல்லை, மாதமும் இல்லை. மெத்தைக்கு அடியில் விரல் நகத்தின் பருமனுக்கு ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு, அதற்குப் பின்னால் நேராக ஓட்டின் பிளாஸ்டிக்.

ஸ்டிக்கரை மட்டும் பார்த்திருந்தால் இந்த ஹெல்மெட் தேறியிருக்கும். பையன் அதைப் போட்டுக்கொண்டு தினமும் நெடுஞ்சாலையில் போய் வந்துகொண்டிருந்தான்.

படம் எதைச் சொல்லாது

படங்களை வைத்து ஒரு ஹெல்மெட்டைப் போலி என்று உறுதியாகச் சொல்ல முடியும். அசல் என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. மூன்று பெயரும் பொருந்தி, ரிவெட்டும் தெர்மாகோலும் சரியாக இருந்தால், “போலி என்பதற்கு அடையாளம் எதுவும் படத்தில் இல்லை” என்ற அளவில்தான் நிற்க வேண்டும். தெர்மாகோலின் அடர்த்தி சரிதானா, ஓடு மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் வார்த்ததா என்பதைக் கேமரா காட்டாது. ஆய்வகத்தில் வெயிலின் சூட்டுக்கும் குளிருக்கும் ஈரத்துக்கும் உட்படுத்தி, இரும்புப் பட்டறையின் மேல் விழவிட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். அசல் ஹெல்மெட்டே ஒரு முறை பலமாக அடிபட்டிருந்தால், உள்ளே நசுங்கிப்போன தெர்மாகோலும் படத்தில் தெரியாது. அது மறுபடி எழும்பிக்கொள்ளும் பொருளும் இல்லை.

எதிர்ப்பக்கமாகவும் தவறு நேரலாம். வெளிச்சம் பட்டு ஸ்டிக்கர் மினுங்கினால் 3 என்பது 8 போலத் தெரியும். ஓர் இலக்கம் மாறினால் செயலி வேறு யாரோ ஒருவரின் உரிமத்தைக் காட்டும், நாம் நல்ல ஹெல்மெட்டைப் போலி என்று சொல்லிவிடுவோம். பிளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில், எண் படம் முழுக்க வரும்படி எடுங்கள். பொருந்தவில்லை என்றால் இன்னொரு முறை எண்ணைப் படித்துத் தட்டிப் பாருங்கள். அதேபோல் பல வருடம் உழைத்த ஹெல்மெட்டில் வியர்வையில் லேபிள் அழிந்துபோயிருப்பதும் சகஜம். லேபிள் இல்லாததைப் புதிய ஹெல்மெட்டில்தான் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

டாட் என்ற அமெரிக்க எழுத்துகளைப் பார்த்து மயங்குகிறவர்களும் உண்டு. அமெரிக்க முறைப்படி அந்த முத்திரையைத் தயாரிப்பாளர் தன் பொறுப்பில் தானே போட்டுக்கொள்கிறார். அரசு முன்கூட்டிச் சோதித்து அனுமதி கொடுப்பதில்லை. அங்கேயே அந்த ஸ்டிக்கரைத் தனியாக வாங்கி மட்டமான ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் விற்கும் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும்தான் கணக்கு. பக்கத்தில் டாட் இருப்பதால் தரம் ஒன்றும் கூடிவிடாது.

போலி என்று தெரிந்தால்

எடுத்த படங்களை அழிக்க வேண்டாம். BIS Care செயலியிலேயே முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிப் புகார் செய்யலாம். படங்களோடு வாங்கிய இடம், விலை, இருந்தால் ரசீது ஆகியவற்றைச் சேருங்கள். சென்னை தரமணியில் உள்ள அமைவன அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் முத்திரையைப் பயன்படுத்தினால் 2016-ஆம் ஆண்டு தர நிர்ணய அமைவனச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறைக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் விதிக்கலாம். குவியல் போட்டு விற்கும் சாலையோர வியாபாரியைவிட அவருக்குச் சரக்கு கொடுப்பவரைப் பிடிப்பதுதான் பயன் தரும். அதனால் அட்டைப்பெட்டியில் ஏதாவது முகவரி இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

புகார் கொடுத்த பிறகு அந்த ஹெல்மெட் வீட்டில் இருக்கும். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு ஆகட்டும் என்று மாட்டி வைப்பதுதான் நம் வழக்கம். மனைவிக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான் பழைய ஹெல்மெட் போய்ச் சேருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட, வண்டியில் போகும் எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. சாலையில் வண்டி விழும்போது முன் சீட்டும் பின் சீட்டும் சேர்ந்தேதான் விழுகின்றன. விசாரணைக்குத் தேவைப்படாது என்று தெரிந்ததும் பட்டையைக் கத்தரித்துவிட்டு அதைக் குப்பையில் போடுங்கள். பட்டையோடு போட்டால் எடுத்துத் துடைத்து மறுபடி விற்றுவிடுவார்கள்.